"மெனேஜருக்கு மட்டுந்தானே அனுப்பினேன்"

வாடிக்கையாளர் தரவுப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோவின் இரண்டாம் காட்சியை வன்னிக் கிளைகளில் எத்தனை தரம் போட்டாலும் அதே பிழையான விடைதான் வருகிறது.

காட்சி இது. ஒட்டுசுட்டானில் கடன் குழுக் கூட்டம். வெளிக்கள உத்தியோகத்தர் ஓர் அக்காவின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கிளைக்கு அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாமல் அலுவலகச் செயலி சுற்றிக்கொண்டே நிற்கிறது. தெரிவுகள் மூன்று. கிளையின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டுப் பிறகு அழிப்பது. சொந்தப் போனில் படமெடுத்து மெனேஜருக்கு மட்டும் அனுப்புவது. செயலிக்குள்ளேயே படமெடுத்துச் சேமித்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து ஏற்றுவது.

குறூப் பிழை என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் பாதிப் பேர் இரண்டாவதை அமத்துகிறார்கள். வீடியோ சிவப்புக் குறி காட்டினால் "மெனேஜர் ஆக்கள் தெரியாதவரா?" என்று சண்டை வேறு!

மெனேஜரை யாரும் சந்தேகப்படவில்லை. பிரச்சினை படம் எங்கே தங்குகிறது என்பது. எடுத்த படம் உங்கள் கலரியில், வட்ஸ்அப்பில் போனது அவருடைய போனில். பக்கப் ஓடினால் இருவரின் கூகிள் கணக்கிலும் ஒவ்வொன்று. 'எல்லாருக்கும் அழி' அமத்தினால் உரையாடலில் இருப்பது மட்டுமே போகும். பக்கப்பில் ஏறியதும், யாரோ ஃபோர்வேர்ட் பண்ணியதும் அப்படியே கிடக்கும். திரை உடைந்து போனைக் கிளிநொச்சிக் கடையில் கொடுக்கும்போது லொக் இலக்கத்தையும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள்?

அடுத்த சாட்டு, "பெயரைக் கறுப்படித்துவிட்டேன்." அட்டை இலக்கம் சும்மா இலக்கம் அல்ல. பழைய அட்டையில் 86547 என்று தொடங்கினால், 86 பிறந்த ஆண்டு. 547 என்பது 500ஐத் தாண்டியதால் பெண். 500ஐக் கழித்தால் 47, அதாவது ஆண்டின் 47ஆம் நாள், பெப்ரவரி 16. பெயரில்லாமலே பிறந்த திகதி வந்துவிட்டது. புதிய 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்த வழமையாகக் கேட்பதும் அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும்தான்.

"ஊரிலே எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பவர்களுக்கு: அந்த அக்கா கடன் எடுத்தது அவருடைய மாமியாருக்குத் தெரியுமா?

செயலியில் ஓஃப்லைன் வசதி இல்லாவிட்டால் போட்டோ கொப்பி எடுத்து, மூடிய உறையில் கிளைக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும். கொப்பி மெசினில் மங்கலாக வந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். அதன் பின்பக்கத்தில் கடைக்காரர் கணக்கு எழுதுவார்.

கடைசி மீள்பார்வைத் திரையில் மூன்றே வரிகள்: சொந்தப் போனில் படமெடுக்காதே, அலுவலக வழியில் மட்டும் அனுப்பு, பிழைத்தால் அன்றே சொல். அதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வினாவுக்கு விடை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தெரியும். தயவுசெய்து மூன்றாம் வரியையாவது பிடித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மீறலை அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமை நிறுவனத்துடையது. நீங்கள் பயந்து இரவோடிரவாக அழித்துவிட்டால், எந்தப் படம், யாருக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று நிறுவனம் எதைப் பார்த்து எழுதும்?