மதியம் எரிக்காத குழம்பு இரவில் எரிப்பது ஏன்?

மதியம் வத்தக்குழம்பு ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டவர் ஒரு தொல்லையும் இல்லாமல் வேலைக்குத் திரும்புகிறார். அதே குழம்பை இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், நள்ளிரவில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை எரிகிறது, வாயில் புளித்த நீர் எதுக்களித்து வருகிறது. உடனே மிளகாயின் மேல் பழி விழும். ஆனால் இரண்டு வேளையும் குழம்பில் இருந்தது ஒரே மிளகாய், ஒரே புளி. மாறியவை சாப்பிட்ட நேரமும், அதன்பின் உடல் இருந்த நிலையும்தான். நெஞ்செரிச்சலைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. காரத்தைக் குறைப்பது அதற்கு அடுத்தபடி.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அதே இடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கும் இந்தத் தசை, எதையும் விழுங்காத நேரத்தில் சில நொடிகள் தானாகத் தளர்வதுண்டு. ஏப்பம் வெளியேறும் வழி அதுதான். இரைப்பையின் மேல்பகுதி விரிவதே அந்தத் தளர்ச்சியைத் தூண்டுகிறது. வயிறு எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவு அடிக்கடி தசை தளரும், தளரும் ஒவ்வொரு முறையும் அமிலம் மேலேற வாய்ப்புக் கிடைக்கும். ஆகவே மிளகாயே இல்லாத தயிர்சாதத்தையும் மூன்று கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் எரியக்கூடும்.

உணவு அமிலத்தின் கடுமையைத் தணிக்கும் என்பது உண்மை. அப்படியானால் சாப்பிட்ட பிறகுதானே எரிச்சல் அடங்க வேண்டும்? இந்தப் புதிருக்கு 2001-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். சாப்பிட்ட பின் இரைப்பையின் நடுப்பகுதியில் உணவோடு கலந்த அமிலம் மென்மையாகிறது. ஆனால் உணவின் மேற்பரப்பில், சுருக்குத்தசைக்குச் சற்றுக் கீழே, புதிதாகச் சுரந்த அமிலம் உணவோடு கலக்காமல் தனிப்படலமாகத் தேங்குகிறது. அவர்கள் அளந்தபோது இரைப்பையின் நடுவில் அமில அளவு pH 4.7, மேலே தேங்கிய இடத்தில் 1.6. எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உருவாகத் தொடங்கும் இந்தத் தேக்கம் இரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். தசை அடிக்கடி தளரும் நேரமும் இதுவே.

உட்கார்ந்தோ நின்றோ இருப்பவருக்குப் புவியீர்ப்பு துணை செய்கிறது. மேலேறிய கொஞ்சம் அமிலத்தையும் அவர் அடிக்கடி விழுங்கும் உமிழ்நீர் கழுவிவிடும், அமிலத்தை முறிக்கும் தன்மையுள்ள அந்த உமிழ்நீர் மிச்சத்தைத் தணித்துவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைகிறது, விழுங்குவதும் அரிது. அப்போது ஏறும் அமிலம் வெகுநேரம் அங்கேயே நின்று உணவுக்குழாயின் சுவரைப் புண்ணாக்குகிறது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடும்படி மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். திட உணவில் பாதி இரைப்பையை விட்டு வெளியேறவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெயும் நெய்யும் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். போதாததற்குக் கொழுப்பு அந்தச் சுருக்குத்தசையையும் தளர்த்துகிறது.

ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுக்கும் வியாபாரி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழரைக்குச் சாப்பிடுங்கள் என்று அவரிடம் சொல்வது வீண். அவர் செய்யக்கூடியது, இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பது. மாலை ஆறரைக்குக் கடையிலேயே நான்கு இட்லி, பருப்பு நிறைந்த காரம் குறைந்த சாம்பாருடன். அதுவே அன்றைய இரவு உணவு. வீட்டுக்கு வந்ததும் பசி அடங்கும் அளவுக்கு ஒரு சிறு கிண்ணம் குழைந்த ரசஞ்சோறு, புளியும் மிளகும் குறைத்து, நெய் ஊற்றாமல். சாப்பிடும்போது இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து வயிற்றை மேலும் விரிக்க வேண்டாம், தண்ணீரை வேளைகளுக்கு இடையில் பரவலாகக் குடிக்கலாம். படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், உணவுக்குழாய் சேரும் வாய் இரைப்பையில் தேங்கிய அமிலத்துக்கு மேலே நிற்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வைப்பதும் உதவும். தலையணைகளை அடுக்குவது அதற்கு ஈடாகாது. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறுதான் அழுத்தப்படும். எரியும்போது பால் குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். பால் முதலில் இதமாக இருக்கும், பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும்.

இனி மிளகாய். அதிலுள்ள கேப்சைசின் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. தோலைச் சுடும் வெப்பத்துக்கும் கேப்சைசினுக்கும் ஒரே உணர்வி என்பதால், ஏற்கெனவே அமிலம் பட்டுப் புண்ணான உணவுக்குழாயில் மிளகாய் தீயாக எரிகிறது. மிளகிலுள்ள பைப்பரினும் அதே உணர்வியைத் தொடுவதால், மிளகாய்க்குப் பதில் மிளகை அள்ளிப் போடுவது தீர்வாகாது. கேப்சைசின் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பில். அந்த நரம்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் காரம் பெருமளவு குறையும், மணம் நிற்கும். கேப்சைசின் தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரையும். குழம்பின் மேல் மிதக்கும் சிவந்த எண்ணெயில் காரம் செறிந்திருக்கிறது, பரிமாறும் முன் அதைக் கரண்டியால் வழித்துவிடலாம்.

நான்கு பேருக்கான வத்தக்குழம்பை எப்படி மாற்றலாம்? எலுமிச்சை அளவு புளிக்குப் பதில் சிறிய நெல்லிக்காய் அளவு. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்குப் பதில் ஒன்று. மூன்று தேக்கரண்டி மிளகாய்த்தூளுக்குப் பதில் ஒன்று, நிறத்துக்குக் காரம் குறைந்த பியாடகி மிளகாய். இப்படிக் குறைத்தால் குழம்பு நீர்த்துப்போகும், ருசியும் மெலியும். அதைச் சரிக்கட்ட, ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் இரண்டு மேசைக்கரண்டி கொத்துமல்லி விதையையும் வெறும் வாணலியில் வறுத்து அரைத்துக் கரைக்க வேண்டும். மஞ்சள் பூசணித் துண்டுகள் சேர்த்தால் இனிப்பு சேர்ந்து, புளி குறைந்தது தெரியாது. இதையும் மதியத்துக்கு வைத்துக்கொண்டு, இரவுக்குப் புளியே இல்லாத கூட்டு வைப்பது இன்னும் நல்லது.

மாற்றங்களை ஒரே நாளில் அத்தனையும் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் நேரத்தையும் அளவையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். சிலருக்குக் குழம்பில் கைவைக்கவே வேண்டியிருக்காது. சிலருக்குத் தக்காளி, சிலருக்குக் காப்பி தொல்லை தரும். பொதுவான தடைப்பட்டியல் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. உதரவிதானத்தின் துளை வழியாக இரைப்பையின் மேல்பகுதி ஏறிவிட்டவர்களுக்கும், வயிற்றைச் சுற்றி அதிகக் கொழுப்பு உள்ளவர்களுக்கும் இந்த மாற்றங்கள் மட்டும் போதாமல் போகலாம், மருந்து தேவைப்படலாம். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, இரத்த வாந்தி, கருமையான மலம் ஆகியவை இருந்தால் சமையலறையில் பரிசோதனை செய்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியுடன் வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தாலும், வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலும், அதை வாயுத்தொல்லை என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.