அரிசிச் சிப்பத்தில் வண்டு: எங்கே நுழைந்தது?

கும்பகோணத்தில் ஒரு பல்பொருள் அங்காடி தன் சொந்தப் பெயரில் 25 கிலோ பொன்னி புழுங்கல் அரிசிச் சிப்பம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைத்துக் கட்டித் தருவது மன்னார்குடிப் பக்கத்து ஆலை. தீபாவளிக்குப் பிறகு 'அரிசியில் வண்டு' என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. கடைக் கிடங்கில்தான் வந்திருக்கும் என்கிறது ஆலை.

முதலில் வண்டைப் பார்க்க வேண்டும். நீண்ட மூக்கு இருந்தால் அது கூன்வண்டு. பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடும். புழு, கூட்டுப்புழு எல்லாம் அரிசிக்குள்ளேயே வளரும். நம் ஊர் வெயிலில் வண்டாக வெளியே வர நான்கைந்து வாரம் ஆகும். அதனால் கட்டும்போது சல்லடையில் சுத்தமாகத் தெரிந்த அரிசியிலும் முட்டை இருக்கலாம். வயலிலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது; நெல்லை அவிக்கும்போதே உள்ளிருக்கும் பூச்சி செத்துவிடும்.

அடுத்து, புகார்களை பேட்ச் எண்படி பிரிக்க வேண்டும். எல்லாமே அக்டோபர் 6-ஆம் தேதி கட்டிய பேட்ச். பக்கத்தில் அடுக்கியிருந்த மற்ற பேட்ச்களில் ஒன்றுமில்லை. இதுவே கடைக்குச் சாதகமான தடயம். ஆனால் முடிவாகச் சொல்வது, சரக்கு இறங்கிய அன்றே பாட்டிலில் எடுத்து மூடிவைத்த மாதிரி அரிசிதான். அதற்குள்ளும் வண்டு வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பல கடைகள் இந்த மாதிரியை எடுத்து வைப்பதே இல்லை; வருத்தமான விஷயம்.

அப்புறம்தான் ஆலைத் தணிக்கை. தரையைப் பெருக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது. அந்த ஒரு பேட்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். அரிசியை மூடி நச்சு வாயுவால் பூச்சியைக் கொல்லும் புகைமூட்டத்தின் பதிவேட்டில், அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து 3-ஆம் தேதி தார்ப்பாய் மூடி, 10-ஆம் தேதி எடுத்ததாக இருக்கிறது. லாரியின் கேட் பாஸோ 6-ஆம் தேதி. அப்படியானால் மூடியிருந்தது மூன்றே நாள்.

மாத்திரை ஈரப்பதத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் பாஸ்பீன் வாயுவை விடும். நடமாடும் வண்டு சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் குறைவாகவே சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். அவையும் சாக, ஐந்து முதல் ஏழு நாள் கசிவில்லாமல் மூடிவைக்க வேண்டும். மூன்றாம் நாள் பிரித்தால் செத்த வண்டைப் பார்த்து வேலை முடிந்ததாகத் தோன்றும்.

ஏன் பிரித்தார்கள்? ஆர்டர் தாளைப் பார்த்தால் தெரியும்: தீபாவளிக் கூட்டத்துக்காக நான்கு நாளில் சரக்கு கேட்டது கடைதான். பதிவேட்டில் பொய்த் தேதி எழுதியது ஆலையின் குற்றம், அதை லேசாக விடக்கூடாது. ஆனால் கடையும் ஆர்டரைப் பத்து நாள் முன்பே தர வேண்டும். இல்லையென்றால் பொங்கலுக்கும் இதேதான் நடக்கும். புகைமூட்டம் பிறகு நுழையும் வண்டைத் தடுக்காது என்பதால், அரிசியை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிக்குழியில் தங்கும் நொய்யையும் தவிட்டையும் அள்ளிவிட்டுத்தான் அடுத்த அரிசியை ஓட்ட வேண்டும். அடுத்த மூன்று பேட்ச்களின் மாதிரி பாட்டில்கள் 45 நாள் வண்டில்லாமல் இருக்கும்வரை இந்தப் புகாரை முடித்துவைக்கக் கூடாது.