42 சொட்டு என்று மனப்பாடம் செய்த சிஸ்டர்

போன மாதம் மறுபடியும் ஒரு சம்பவ அறிக்கை என் மேசைக்கு வந்தது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிப்போய் வந்த ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். 500 மி.லி. நார்மல் சலைன் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும் என்பது ஆர்டர். மூன்று மணி நேரத்தில் பாட்டில் காலியாகிவிட்டது. அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது, டாக்டர் வந்து பார்த்தார், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அறிக்கையின் கீழே வழக்கமான ஒரு வரி: 'பணியாளருக்கு மறுபயிற்சி அளிக்கவும்.'

செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. இந்த வரியைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். மறுபயிற்சி என்று அவர்கள் சொல்வது, டியூட்டி முடிந்து கால் கடுக்க வருகிறவர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து, அறுபது ஸ்லைடு ஓட்டி, அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்குவதை. அந்த சிஸ்டர் இதே தலைப்பில் இரண்டு மாதம் முன்பு உட்கார்ந்திருந்தார். போஸ்ட் டெஸ்டில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தார். அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தேன். சூத்திரம் பிழையில்லாமல் எழுதியிருந்தார்:

சொட்டு/நிமிடம் = (மி.லி. × ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு) ÷ நிமிடங்கள்

அடுத்த கேள்வி, 500 மி.லி., நான்கு மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் டிரிப் செட். விடை 42. சரி. ஆனால் அதே 500-ஐயும் அதே நான்கு மணி நேரத்தையும் வகுப்பிலேயே பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் கணக்குப் போடவே இல்லை, பலகையில் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார்.

அவரை உட்கார வைத்துப் பேசினேன். "500, நாலு மணி நேரம்னா 42 தானே மேடம்?" என்றார் ஒரு தயக்கமும் இல்லாமல். அன்று வார்டில் இருந்தது புதிதாக வாங்கிய செட், ஒரு மி.லி.க்கு 15 சொட்டு. அதில் 42 சொட்டு வைத்தால் நிமிடத்துக்கு 2.8 மி.லி. போகும், 500 மி.லி. மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அங்கே வைத்திருக்க வேண்டியது 31.

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். சொல்லத் தெரிந்தால் செய்யத் தெரியும் என்ற நினைப்பு நம்மை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மேலாளருக்கும் இருக்கிறது, வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் இருக்கிறது. பல வருடம் எனக்கும் இருந்தது.

ராபர்ட் கான்யே என்ற அமெரிக்க உளவியலாளர் (நம் வகுப்புகளில் காக்னே என்பார்கள்) இந்தக் குழப்பத்தைத்தான் பிரித்து வைத்தார். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி ஆராய்ச்சி செய்தவர். பயிற்சி கொடு, பாராட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வை என்ற பொது விதிகள் மட்டும் போதாது, கற்க வேண்டிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார் என்று 1962-ல் எழுதினார். மனிதர் கற்றுக்கொள்வதை அப்புறம் ஐந்து வகையாகப் பிரித்தார்: சொல்லக்கூடிய தகவல், அறிவுத்திறன், சிந்தனை உத்தி, உடலியக்கத் திறன், மனப்பான்மை. பெயர்கள் முக்கியமில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வருகிறது, ஒன்றுக்கான வழி இன்னொன்றுக்கு உதவாது என்பதுதான் அவர் சொன்ன விஷயம்.

நம் சிஸ்டரிடம் இருந்தது முதல் வகை. சூத்திரத்தைச் சொல்வார். வேண்டியிருந்தது இரண்டாவது வகை, அதாவது இதுவரை பார்க்காத எண்களிலும் பார்க்காத செட்டிலும் அந்த விதியைப் பயன்படுத்துவது. அறிவுத்திறனுக்கு ஒரு குணம் உண்டு. அது படிக்கட்டு மாதிரி, கீழ்ப்படி இல்லாமல் மேல்படி நிற்காது. அதனால் 'சூத்திரம் தெரியுமா' என்று கேட்காமல், எந்தப் படியில் வழுக்கினார் என்று மேலிருந்து கீழாகத் தேட வேண்டும்.

தேடினேன். நான்கு மணியை 240 நிமிடமாக மாற்றினார். பெருக்கல், வகுத்தல் சுத்தமாக இருந்தது. மைக்ரோ செட்டையும் சாதாரண செட்டையும் பார்த்தே பிரித்துச் சொன்னார். அப்புறம் வார்டின் சாமான் அறையிலிருந்து மூன்று செட்டுகளை உறையோடு மேசையில் வைத்தேன், 15, 20, 60. "இதில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" அவர் என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். "20 தானே மேடம், சூத்திரத்திலேயே இருக்கே" என்றார்.

அந்தப் படிதான் இல்லை. ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது செட்டின் குணம், செட் மாறினால் அதுவும் மாறும், உறையில் அச்சிட்டிருப்பார்கள் என்ற கருத்தே அவருக்குள் போகவில்லை. 20 என்பது அவருக்குச் சூத்திரத்தோடு ஒட்டிப் பிறந்த எண். பாவம், அவர் மேல் தப்பில்லை, வகுப்பில் எல்லாக் கணக்கும் 20-லேயே போட்டுக் காட்டியிருக்கிறோம்.

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. மூன்று உறைகளிலும் அந்த எண் எங்கே இருக்கிறது என்று அவரையே தேட வைத்தேன். ஒவ்வொரு செட்டிலும் 1 மி.லி. தண்ணீர் விட்டு எண்ணினோம். மைக்ரோ செட்டில் சின்னச் சின்னதாக அறுபது விழுந்தபோது சிரித்துவிட்டார். அப்புறம் புது எண்கள். 1000 மி.லி., எட்டு மணி நேரம், 15 செட்: 31. 100 மி.லி., அரை மணி நேரம், 20 செட்: 67. குழந்தைக்கு 120 மி.லி., நான்கு மணி நேரம், மைக்ரோ செட்: 30. மூன்றையும் தானாகப் போட்டார். இனி அறுபது ஸ்லைடு எதற்கு, சொல்லுங்கள்?

போஸ்ட் டெஸ்ட் எழுதுகிறவர்களே, தயவுசெய்து வகுப்பில் போட்ட கணக்கைத் தாளில் கேட்காதீர்கள். எண்ணை மாற்றுங்கள், செட்டை மாற்றுங்கள். உறையைக் கையில் கொடுத்துவிட்டு, சொட்டு எண்ணிக்கையைக் கேள்வியில் எழுதாமல் விடுங்கள். அப்போதுதான் யாருக்குத் திறன் இருக்கிறது, யாருக்கு நினைவு மட்டும் இருக்கிறது என்பது தெரியும்.

தகவலே தேவைப்படும் இடங்களும் உண்டு. பொட்டாசியம் குளோரைடை நேரடியாக நரம்பில் தள்ளக்கூடாது என்பது சுத்தமான தகவல். அதைச் சொல்லலாம், எழுதி ஒட்டலாம். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும், அதனால்தான் அந்த ஆம்பியூலைத் தனியாகப் பூட்டி வைக்கிறோம் என்று காரணத்தோடு கோத்துச் சொன்னால் மனதில் நிற்கும். இதற்கு வகுப்பு போதும்.

டிரிப் ஏற்ற நரம்பில் கேனுலா போடுவது அப்படியல்ல. வீடியோவை இருபது தடவை பார்த்துவிட்டு முதல் நரம்பையே ஊதவிடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். இது கை கற்றுக்கொள்ளும் வேலை. எதற்குப் பின் எது என்ற வரிசையை முதலில் வாயால் சொல்லவைத்து, பிறகு ரப்பர் கையில் பழக்கி, அப்புறம்தான் நோயாளியிடம் கூட்டிப் போக வேண்டும். ரத்தம் தெரிந்த உடனே ஊசியை உருவிவிடுவார்கள். ஊசி முனை உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே இருக்கும். கோணத்தைத் தாழ்த்தி இன்னும் துளி உள்ளே தள்ளிவிட்டுத்தான் குழாயை நழுவவிட வேண்டும். அந்த நொடியில் பக்கத்தில் நின்று "இப்ப தாழ்த்துங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். மறுநாள் சொன்னால் கைக்குக் கேட்காது.

அந்த பெரியவர் விஷயத்துக்கு வருவோம். சிஸ்டர் கணக்கில் தப்புச் செய்தது சரி, அதை ஏன் மூன்று மணி நேரம் யாரும் பிடிக்கவில்லை? 500 மி.லி. நான்கு மணி நேரம் என்றால் மணிக்கு 125. பாட்டிலில் ஒரு டேப் ஒட்டி மணிக்கு மணி கோடு போட்டிருந்தால், முதல் மணி நேரத்திலேயே 168 இறங்கியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். டேப் ஒட்டு என்று உத்தரவு போடலாம், ஒட்டுவார்கள். ஆனால் 'என் விடை சரிதானா, வேறு வழியில் பார்ப்போம்' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் உத்தரவில் வராது. இதைத்தான் கான்யே சிந்தனை உத்தி என்றார். ஒரே நாள் பயிற்சியில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நான் செய்வது மெதுவான வேலை. ரவுண்ட்ஸில் ஒரு படுக்கை அருகே நின்று, நான் எப்படி யோசிக்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்கிறேன். "மணிக்கு எவ்வளவு? கால் பாட்டில். இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது?" அடுத்த படுக்கையில் அவர்களைச் சொல்லவைக்கிறேன். ஒவ்வொரு நாளும் வேறு நோயாளி, வேறு சிக்கல். மாதங்கள் ஆகும்.

கடைசியாக ஹேண்ட் ரப், கையில் தேய்க்கும் கிருமிநாசினி. கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது முதல் முப்பது விநாடி தேய்க்க வேண்டும் என்பதும் தெரியும், தேய்க்கவும் தெரியும். ஆனாலும் தேய்ப்பதில்லை. இதற்கும் நம் ஆட்கள் வகுப்புத்தான் போடுகிறார்கள்! தெரிந்ததை இன்னொரு முறை சொல்லி என்ன ஆகப்போகிறது? வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-லேயே கை கழுவினால் பிரசவ வார்டில் சாவு குறைகிறது என்று எண்ணிக்கையோடு காட்டினார். சக டாக்டர்கள் பலர் அசையவில்லை. மனப்பான்மை மாறுவது, தான் மதிக்கிற ஒருவர் அதைச் செய்வதையும், அதற்கு அங்கே மரியாதை இருப்பதையும் கண்ணால் பார்க்கும்போது.

எங்கள் வார்டுகளில் ஒன்றில் இதைப் பார்த்தேன். ரவுண்ட்ஸ் வரும் மூத்த டாக்டர் ஒருவர் ஒவ்வொரு படுக்கைக்கு முன்னும் பின்னும் தேய்ப்பார். ஒரு நாள் அவசரத்தில் மறந்துவிட்டார். பயிற்சி மாணவி ஒருத்தி, நடுங்கிக்கொண்டே, பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தேய்த்துவிட்டு, "தேங்க்ஸ்மா, நல்ல வேளை சொன்ன" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. அந்த மாதம் அந்த வார்டில் ஹேண்ட் ரப் பாட்டில் சீக்கிரமே தீர்ந்துவிட்டது என்று ஸ்டோரிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டருக்குப் புகார் வந்தது.

சம்பவ அறிக்கையைத் திருப்பி அனுப்பும்போது 'மறுபயிற்சி' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'மூன்று செட் உறைகள், பத்து நிமிடம், முடிந்தது. வகுப்புக் கணக்குகளில் 15, 60 செட்டுகளையும் சேர்க்கவும்' என்று எழுதினேன். அட்டெண்டன்ஸ் தாளை ஏன் இணைக்கவில்லை என்று கேட்டு நேற்று ஒரு கடிதம் வந்திருக்கிறது.