சோர்வு ஏன் இரண்டு நாள் கழித்து வருகிறது?

கோவிட் வந்து ஐந்து வாரம். காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உடம்பு லேசாக இருக்கவே, சேர்ந்து கிடந்த துணியைத் துவைத்து, வீட்டைக் கழுவி, மாலையில் ஒரு நடையும் போய் வருகிறார் ஒருவர். திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் காலை பல் துலக்கவே கை கனக்கிறது. அப்புறம் மூன்று நாள் படுக்கைதான். "நேற்று ஒன்றுமே செய்யவில்லையே" என்று குழம்புகிறார். காரணம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது.

சாதாரணக் களைப்பு அன்றே வரும், தூங்கி எழுந்தால் போகும். இது பல மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறது. நீண்ட நேரம் கணக்கு பார்த்தாலும், பேசிக்கொண்டே இருந்தாலும்கூட வரலாம். இப்படிப்பட்டவர்களின் தசைத் துணுக்குகளை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தபோது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை குறைந்திருந்தது. ஆகவே "நடந்து நடந்து பழகினால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை இவர்களைக் கீழே தள்ளும். படுத்தே கிடந்து தசை இளைத்தவருக்கு அதே அறிவுரை பொருந்தும். இவர் எந்த வகை என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரம் செய்த வேலையையும் சோர்வையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும், இடைவெளி கண்ணில் படும்.

அப்படித் தெரிந்தால், நல்ல நாளிலும் முடிந்ததில் பாதியோடு நிறுத்த வேண்டும். துணியை ஒரு நாள், வீட்டை இன்னொரு நாள். களைத்த பிறகு உட்காருவதைவிட, களைக்கும் முன்பே உட்காருவது பலன் தரும்.

மூச்சு வாங்குவது வேறு கதை. ஆக்ஸிமீட்டர் 97 காட்டும், ஆனால் மூச்சு போதவில்லை. நோயின்போது பழகிய மேல்மார்பு மூச்சு, வேகமாகவும் மேலோட்டமாகவும், அப்படியே தங்கிவிடுவது ஒரு காரணம். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறுவதால் தலை சுற்றும், விரல் மரமரக்கும். முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடுங்கள். படியேறும்போது காலை ஊன்றும் நொடியில் மூச்சை விடுங்கள்.

பெரும்பாலோருக்கு 12 வாரத்துக்குள் தேறிவிடும். நடுநடுவே பின்வாங்கவும் செய்யும். நான்கு வாரம் தாண்டியும் அன்றாட வேலை தடைபட்டால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம் எதுவும் இதே முகத்தோடு வரலாம். எழுந்து நின்றதும் இதயம் படபடத்தால் அதையும் சொல்லுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், உதடு நீலமாவது, ஆக்ஸிஜன் 92 அல்லது அதற்குக் கீழே: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுதான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்ட வேண்டும். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், நுரையீரலுக்கும் போகலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். "எப்பவும் அசதி" என்பதைவிட, "ஞாயிறு துணி துவைத்தேன், செவ்வாய் எழ முடியவில்லை" என்ற வரி அவருக்கு அதிகம் சொல்லும்.