கடைத் தளத்துக்கு ரெடிமேட் தீமா, தனி டிசைனா? முதலில் பார்க்க வேண்டியது ஒரு ஃபோல்டர்

பொள்ளாச்சிப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவர் போன வருடம் என்னிடம் வந்தார். வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக மாற்றும் வூகாமர்ஸ் பிளகினில் கடை. தீம் காசு கொடுத்து வாங்கியது. ஒரு நாள் வூகாமர்ஸை அப்டேட் செய்திருக்கிறார். மறுநாளிலிருந்து வாடிக்கையாளர்கள் போன் அடிக்கிறார்கள். "அண்ணா, ஒரு லிட்டர்னு செலக்ட் பண்றேன், கூடையில சேரவே மாட்டேங்குது." அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று அளவு தேர்ந்தெடுக்கும் எண்ணெய்கள் எல்லாவற்றிலும் இதே கதை. அளவே இல்லாத புண்ணாக்கு மூட்டை மட்டும் ஒழுங்காக விற்றது.

"இந்த தீமைத் தூக்கிட்டு, நமக்குன்னே புதுசா டிசைன் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டார். உடனே சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாமல் புது டிசைன் போட்டால் அதே கோளாறு அடுத்த வருடம் வேறு உருவில் வரும்.

Health Check & Troubleshooting என்ற இலவச பிளகினைப் போட்டு அதன் சோதனை முறையை இயக்கினேன். உள்நுழைந்திருக்கும் நமக்கு மட்டும் எல்லா பிளகினும் அணைந்து சாதாரண தீம் தெரியும். வாடிக்கையாளர் பார்வையில் எதுவும் மாறாது. வூகாமர்ஸை மட்டும் இயக்கினேன், எண்ணெய் கூடையில் சேர்ந்தது. அவருடைய தீமை இயக்கினேன், நின்றுவிட்டது. பிளகின்கள் மேல் தவறில்லை.

தீமுக்குள் `woocommerce` என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. வூகாமர்ஸ் தன் பக்கங்களை வரையப் பயன்படுத்தும் டெம்ப்ளேட் கோப்புகளை, தோற்றத்தை மாற்றுவதற்காக, தீம் தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். நகல் இருந்தால் வூகாமர்ஸ் தன் மூலக் கோப்பை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும். மூலக் கோப்பு அப்டேட்டில் மாறும்; நகல் மாறாது. அளவுத் தேர்வை வரையும் `variable.php` கோப்பின் நகல் பழையதாகி, வூகாமர்ஸின் புதிய ஸ்கிரிப்ட் தேடும் குறிகள் அதில் இல்லாமல் போயிருந்தன. கூடைப் பொத்தான் ஊமையானது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க நிரலாளர் தேவையில்லை. WooCommerce > Status பக்கத்தின் அடிப்பகுதியில் Templates என்ற பகுதி இருக்கும். தீம் நகலெடுத்த கோப்புகள் அங்கே வரிசையாக வரும். பழையதானதன் பக்கத்தில் out of date என்று இருக்கும். அவர் தீமில் நகல்கள் முப்பதுக்கு மேல், பழையவை பதினொன்று. தீம் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைப்பது இதைத்தான்: எத்தனை கோப்புகளை நகலெடுத்திருக்கிறீர்கள், வூகாமர்ஸின் புதிய பதிப்பு வந்தால் எத்தனை நாளில் அவற்றைப் புதுப்பிப்பீர்கள்? டெமோ பக்கத்தின் அழகு இதைச் சொல்லாது.

தனி டிசைன் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே ஆபத்து கூடுதல். ரெடிமேட் தீமைப் புதுப்பிக்க அதை விற்றவராவது இருக்கிறார். தனி டிசைனைச் செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த நகல்களைத் தொட ஆளில்லை. அதனால் தனி டிசைன் ஒப்பந்தத்தில் வருடாந்திரப் பராமரிப்பு இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன்.

எண்ணெய்க்காரருக்கு நான் சொன்ன வழி நடுவிலானது. வூகாமர்ஸ் நிறுவனத்தாரே தரும் இலவச Storefront தீம், அதன்மேல், மூல தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சைல்டு தீம். நிறம், எழுத்துரு, லோகோ எல்லாம் சைல்டு தீமில். டெம்ப்ளேட் நகல் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்ட ஒரே தனித்தன்மை, எண்ணெய் ஆட்டிய தேதி விலைக்குக் கீழே தெரிய வேண்டும் என்பது. அதற்கு, நம் வரியை மாட்டிக்கொள்ள வூகாமர்ஸ் விட்டுவைத்திருக்கும் கொக்கிகளில் ஒன்று, சைல்டு தீமின் functions.php கோப்பில், போதுமானதாக இருந்தது:

```php
add_action( 'woocommerce_single_product_summary', function () {
    $d = get_post_meta( get_the_ID(), 'pressed_on', true );
    if ( $d ) echo '<p>ஆட்டிய தேதி: ' . esc_html( $d ) . '</p>';
}, 25 );
```

அந்த 25 என்ற எண் இடத்தைக் குறிக்கிறது: சிறுகுறிப்பு 20, கூடைப் பொத்தான் 30, இரண்டுக்கும் நடுவில் நம் வரி. மூலக் கோப்பைத் தொடாததால் அப்டேட் வந்தாலும் இது உடையும் வாய்ப்பு மிகக் குறைவு.

தனி டிசைன் யாருக்குத் தேவை? விற்கும் முறையே வேறாக இருப்பவர்களுக்கு. ஜன்னல் அளவைக் கொடுத்தால் திரைச்சீலைக்கு விலை கணக்கிட வேண்டும், ரவிக்கை அளவுகளை வாங்க வேண்டும் என்றால் பொருள் பக்கத்தைத் தனியாக வடிவமைப்பதில் அர்த்தம் இருக்கிறது. முகப்புப் பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

இனி பிளகின்கள். அவர் கடையில் 29 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இதை வூகாமர்ஸே செய்யாதா? கூப்பன், கையிருப்புக் கணக்கு, விமர்சனம், டெலிவரியின்போது பணம், மாநிலவாரி கூரியர் கட்டணம் எல்லாம் அதிலேயே உண்டு. கூரியர் கட்டணத்துக்காக அவர் வருடச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் பாட்டில், ஐந்து லிட்டர் கேன் என்று இரண்டு ஷிப்பிங் வகுப்புகளை உருவாக்கி, Flat rate கட்டணத்தில் வகுப்புவாரியாக இப்படி எழுதினோம்:

```
60 * [qty]
220 * [qty]
```

இரண்டு பாட்டில், ஒரு கேன் வாங்கினால் 120 + 220 = 340 ரூபாய், தானாக. சந்தா நின்றது. ஒன்று சொல்ல வேண்டும்: எடை கூடக் கூடக் கிலோவுக்குக் கட்டணம் குறையும் வகைக் கணக்கு இதில் வராது. பொருள்களின் எடை பலவிதமாக இருக்கும் கடைக்கு அந்த பிளகின் தேவைதான்.

கடைசியில் தங்கியவை ஆறு. பேக்கப் எடுக்க ஒன்று. பிரதியைத் தளம் இருக்கும் அதே சர்வரில் வைக்காமல் வெளியே அனுப்பும்படி அமைத்தோம். மின்னஞ்சலை முறையான சேவை வழியாக அனுப்ப ஒன்று. அது இல்லாதபோது ஆர்டர் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்தன. ஜிஎஸ்டி பில்லுக்கு ஒன்று. எஸ்இஓவுக்கு ஒன்றே ஒன்று; முன்பு இரண்டு இருந்து ஒரே பக்கத்துக்கு இரட்டை விவரக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தன.

ஐந்தாவது, பக்கங்களின் நகலைத் தயாராக வைத்து வேகமாகக் காட்டும் கேஷிங் பிளகின். இதில் மட்டும் கவனம் அதிகம் வேண்டும். கூடை, செக்அவுட், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களும் கேஷில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஒருவரின் முகவரி இன்னொருவருக்குத் தெரியும் அளவுக்குப் போகும். ஒரு போனில் பொருளைக் கூடையில் போட்டு, கூடைப் பக்கத்தையும் திறந்துவிட்டு, வேறொரு போனில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும்.

ஆறாவது, பேமென்ட் கேட்வே. கேட்வே நிறுவனமே வெளியிடும் பிளகினை மட்டும் போடுங்கள். அதில் வெப்ஹுக்கையும் அமைத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் கட்டியவர் தளத்துக்குத் திரும்பாமல் பிரௌசரை மூடிவிட்டால், பணம் வந்த செய்தியைக் கடைக்குச் சொல்வது வெப்ஹுக்தான். அது இல்லாதபோது பணம் போயிருக்கும், ஆர்டர் Pending payment என்றே நிற்கும். எண்ணெய்க்காரரின் பழைய கணக்கில் அப்படி நின்ற ஆர்டர்களை நாங்கள் இருவரும் உட்கார்ந்து வங்கிக் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பணம் கட்டியும் எண்ணெய் போகாதவர்கள் நான்கு பேர். அன்றைக்கே அவர்களுக்கு போன் செய்து கேன்களை அனுப்பினார்.