கிளாஸ் 3 போட்டபிறகு ஏடிஎம் வரிசையில் நிற்காதீர்கள்

கிளாஸ் 2 புயல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் கிளையின் ஏடிஎம் முன்னால் வரிசை சாலை வரை நீண்டுவிடுகிறது. மொரீஷியஸில் ஒவ்வொரு புயல் பருவத்திலும் இதே கதைதான். உள்ளே கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் வந்து, "இயந்திரத்தில் பணம் தீர்ந்துவிட்டதே, எப்போது நிரப்புவீர்கள்?" என்று கேட்கிறார்கள். பணம் கொண்டுவரும் வண்டியை யார் ஓட்டுவது, எந்தச் சாலையில் ஓட்டுவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. கிளாஸ் 3 போட்டால் வங்கி மூடும், பேருந்து நிற்கும், நாங்களும் வீட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் பருவம் தொடங்கும் முன்பே சில நாளைக்குத் தேவையான பணத்தைச் சின்னத் தாள்களாக வீட்டில் வையுங்கள் என்கிறேன்.

என்னை மிகவும் சலிக்க வைக்கும் பேச்சு ஒன்று உண்டு. "என் பணம் போனில் இருக்கிறது. போன் முழுக்க சார்ஜ் இருக்கிறது. எனக்கென்ன?" படித்த பிள்ளைகள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். உங்கள் போன் உயிரோடு இருப்பது போதாதப்பா. உங்கள் பக்கத்து போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது போனால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். கடைக்காரரின் போனோ அட்டை இயந்திரமோ வேலை செய்ய வேண்டும், அவருக்கும் சிக்னல் கிடைக்க வேண்டும். அங்கிருந்து செய்தி உங்கள் வங்கிக்குப் போய், உங்கள் வங்கியும் அவருடைய வங்கியும் பேசிக்கொள்ளும் பொதுவான அமைப்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். இத்தனையில் ஒன்று அறுந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைவிடச் சங்கடம், உங்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடைக்காரருக்கு வந்திருக்காது. பிறகு சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் ரொட்டியைக் கையில் கொடுப்பாரா என்பது அவர் மனசைப் பொறுத்தது.

வங்கிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது வங்கிக் கட்டடத்துக்குத்தான். பெட்ரோல் பங்கிலும் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் நிற்கும் இயந்திரத்துக்கு அங்கே என்ன மின்சாரம் இருக்கிறதோ அதுதான். மின்சாரம் இருந்தாலும் ஏடிஎம்மில் கடைசியாக நிரப்பிய தாள்கள்தான் இருக்கும். புயலுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து எடுத்தால் அரை நாளில் காலி.

2024 ஜனவரி 15, பெலால் புயல். திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம். மதியத்துக்குள் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. கிளாஸ் 3 வந்தபோது பலர் இன்னும் வழியில்தான் இருந்தார்கள். அந்த வாரம் கவுன்டருக்கு வந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் ஒன்றும் கவனமில்லாதவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமையே பணம் எடுத்து வைத்திருந்தார்: இரண்டு 2000 ரூபாய்த் தாள், ஒரு 1000. மொத்தம் 5000, தாராளம். காற்று அடங்கியதும் அவர் தெருவில் முதலில் திறந்தது மூலையில் இருந்த லபுத்திக். பால் பவுடர், மெழுகுவர்த்தி, ரொட்டி, சார்டின் மீன் டின் எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்குள்தான். 2000 தாளை நீட்டினார். கடைக்காரரிடம் சில்லறை இல்லை. அவர் பெட்டியில் இருந்ததைக் காலையில் வந்த பத்துப் பேர் இதே மாதிரி பெரிய தாளைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அக்கா அந்தக் கடைக்குப் புதியவர், அதனால் கடன் எழுதும் கர்னேயில் எழுதிக்கொள்ளவும் கடைக்காரர் தயாராக இல்லை. 5000 ரூபாயோடு வெறுங்கையாகத் திரும்பினார். பக்கத்து வீட்டார்தான் கொடுத்து உதவினார்கள்.

அதனால் எவ்வளவு என்பதைவிட எந்தத் தாளில் என்பதுதான் முக்கியம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 4000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு உறையில் இப்படி இருக்கிறது: 500 ரூபாய் மூன்று, 200 ஐந்து, 100 பத்து, 50 எட்டு, 25 நான்கு. கூட்டினால் சரியாக 4000. இதோடு ஒரு சிறிய டப்பாவில் 5, 10, 20 ரூபாய் நாணயங்கள், பேருந்துக்கு. 500 எதற்கு என்றால் மருந்துக்கும் டாக்சிக்கும். 1000, 2000 வேண்டவே வேண்டாம். தினமும் மாத்திரை எடுப்பவரோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் இன்னும் ஆயிரம் சேருங்கள், அதுவும் 200 தாளாக.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்க வேண்டிய வரிசை மாறியதற்காக நம்மவர்கள் போராடினோம், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. நியாயமான போராட்டம். 100 ரூபாய்த் தாளில் நம் தமிழர் சீனிவாசன் முகம் இருப்பதில் பெருமைப்படுகிறோம். ஆனால் பத்து சீனிவாசனை வீட்டில் வையுங்கள் என்றால் சிரிக்கிறீர்கள்.

வைத்த பணம் எப்படிப் போகிறது என்று தெரியுமா? திருடனால் அல்ல. காவடி அன்று தட்டில் போட நூறு இல்லை என்று உறையிலிருந்து எடுப்பீர்கள். புத்தாண்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு 200. தைப்பூசமும் புயலும் ஒரே பருவத்தில்தான் வருகின்றன, இது முருகன் தவறல்ல. உள்ளே இருக்கும் கணக்கை எழுதி உறைமேல் ஒட்டுங்கள். எடுத்தால் அடித்து எழுதுங்கள், அதே வாரம் அதே தாளாகத் திருப்பி வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதில் சமையலறை வேண்டாம். 25, 50, 500 தாள்கள் 2013-இலிருந்து பிளாஸ்டிக்காக வருகின்றன. தண்ணீர் அவற்றை ஒன்றும் செய்யாது, ஆனால் சூடு தாங்காது. வெள்ளத்தில் நனைந்த 500-ஐ இஸ்திரி போட்டுக் காய வைத்த ஒருவர் சுருங்கிப்போன தாளைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தாளைத் துணியால் ஒற்றியெடுத்தால் போதும். காகிதத் தாள் நனைந்தால் தேய்க்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் நிழலில் பரப்புங்கள். கிழிந்துபோனால் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். உறையை ஜிப் பையில் போட்டு, அடையாள அட்டை, மருந்துச் சீட்டோடு மேல் அலமாரியில் வையுங்கள், புகலிட மையத்துக்குப் போகச் சொன்னால் ஒரே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வீட்டில் இன்னொருவருக்காவது இடம் தெரிந்திருக்கட்டும். தனியாக இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ அவர்கள் வீட்டிலேயே தனியாக ஓர் உறை வேண்டும், நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்பது கிளாஸ் 3-இல் நடக்காது.

இதைப் படித்துவிட்டு சிலர் ஒன்றரை லட்சத்தை மெத்தைக்கு அடியில் வைப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அது திருடனுக்கு வைக்கும் அழைப்பு. வீட்டுக் காப்பீடு ரொக்கத்துக்குச் சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளும், சிலவற்றில் அதுவும் இருக்காது. நீண்ட நாள் இருட்டு வந்தால் வங்கி திறக்க வழி பார்ப்பார்கள். உறை அதுவரைக்கும்தான்.

புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அக்டோபர் கடைசிக்குள் கவுன்டருக்கே வாருங்கள், ஏடிஎம் உங்களுக்கு 25 ரூபாய்த் தாள் தராது. சம்பள நாள் வேண்டாம், மாத நடுவில் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. எந்தத் தாள் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். 50-உம் 25-உம் அன்றைக்கு இல்லையென்றால் அடுத்த வாரம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.