அது வயிற்றோட்டம் அல்ல

மாசி மாதத்தில் நிலாவெளியிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகனை அழைத்து வந்தார். வயிற்றோட்டம் என்றார். ஒரு நாளில் நான்கு முறை உள்ளாடை அழுக்காகிறதாம். பழத்தையும் கீரையையும் விலக்கி, கழிச்சலை நிறுத்தும் மருந்தும் கொடுத்திருந்தார். பிள்ளையின் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே மலம் களிமண் உருண்டையாகக் கட்டிக் கிடந்தது. அவனுக்கு இருந்தது மலச்சிக்கல். கட்டியைச் சுற்றிக் கசிந்த நீர்மலத்தைத்தான் வயிற்றோட்டம் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் இறுகிய மலம் ஆசனவாயைக் கீறியிருக்கிறது. அந்த வலிக்குப் பயந்து அடக்கத் தொடங்கியிருக்கிறான். பாடசாலை மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. கால்களைப் பின்னி, நுனிக்காலில் நின்று முகம் சிவந்தபோது, முக்குகிறான் என்றே வீட்டில் எண்ணினார்கள். அவன் முக்கவில்லை, அடக்கினான். அம்மம்மா ஆமணக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பைச் செருக, பயம் இரட்டிப்பானது. தயவுசெய்து காம்பும் வேண்டாம், சவர்க்காரத் துண்டும் வேண்டாம்.

அவன் எடை 20 கிலோ. மலக் கட்டியை வெளியேற்ற, மலத்தை இளக்கும் பொலிஎத்திலீன் கிளைக்கோல் தூளைத் தண்ணீரில் கரைத்து நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை, ஆறு நாட்களுக்கு மேற்படாமல் கொடுக்கச் சொன்னேன். அந்த நாட்களில் கசிவு கூடும், பயந்து நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். கட்டி போனதும் நாளுக்கு 8 கிராம், மலம் மென்மையாகப் போகுமளவுக்குக் கூட்டியோ குறைத்தோ கொடுக்க வேண்டும். இந்தத் தூள் கிடைக்காவிட்டால் லக்டுலோஸ் பாணி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் வயிற்றைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்தில் எல்லாம் சரியானது. உடனே நிறுத்திவிட்டார்கள்! "மருந்துக்குக் குடல் பழகிவிடுமாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இந்த மருந்து குடலை அடித்து விரட்டுவதில்லை. இரத்தத்தில் பெரிதாகச் சேருவதும் இல்லை. மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் விரிந்து கிடந்த மலக்குடலுக்கு, நிறைந்துவிட்டது என்ற உணர்வே மழுங்கியிருக்கும். அது சுருங்கித் தேற மாதங்கள் வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் கொடுங்கள். தொல்லை எதுவுமின்றி ஒரு மாதம் முழுதாகக் கழிந்தபின், சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், அப்போது குடல் தானாக அசையும். கொமட் என்றால் கால் தொங்கக் கூடாது, பலகை ஒன்றைக் கீழே வையுங்கள். உள்ளாடை அழுக்கானதற்கு அடிக்காதீர்கள், கசிவது அவனுக்கே தெரியாது.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத பிள்ளை, பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளை, வயிறு ஊதி எடை ஏறாத பிள்ளை ஆகியோரின் கதை வேறு. அவர்களைத் தாமதிக்காமல் காட்டுங்கள்.

நிலாவெளிப் பையன் சென்ற வாரம் திரும்ப வந்தான். அதே இடத்தில் அதே உருண்டை. முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம்.